குளம் பச்சையானால் குற்றம் யார் மேல்?



குளத்தில் மீன் செத்து மிதந்தது. பழி, பாஜா போட்ட பெண்களின் தலையில் விழுந்தது. இதுதான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட சேதி.

சில ஆண்டுகளுக்கு முன், பேரா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. அங்கே பழைய லயத்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் அளவில் ஒரு குளம். ரப்பர் காலத்தில் லயத்துக்கே தண்ணீர் தந்த குளம் அது. இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. குளத்தில் ஆட்கள் திலாப்பியா வளர்த்து வந்தார்கள். அந்த நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை, பெரட்டுக்குப் போகும் நேரத்தில், கரையெல்லாம் மீன் வயிறு தெரியக் கிடந்தது. தண்ணீரோ, சாயம் கரைத்தாற்போலப் பச்சை.

நிர்வாகம் என்ன சொல்லிற்று? "பாஜா போட்டவர்கள் மூட்டையை ஓடையில் கொட்டிவிட்டார்கள்" என்று சொல்லி, ஆறு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை வைத்தது. நாம் போய் நின்றதும், அவர்களில் மூத்த அக்காள் ஒருவர் சொன்னது இன்னும் நம் காதில் நிற்கிறது: "தம்பி, நாங்க மரத்துக்கு மரம்தான் போட்டோம். ஒரு மூட்டைகூட ஓடைக்குப் போகல. அன்னிக்கு ராத்திரி பேஞ்ச மழைக்கும் நாங்கதான் பொறுப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், மீன் எதனால் செத்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

மீன் சொன்ன சாட்சி

குளத்தில் மீன் செத்தால் எல்லாரும் முதலில் 'விஷம்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் விஷத்தால் சாவதும், மூச்சுத் திணறிச் சாவதும் வெவ்வேறு மாதிரி. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ விழுந்திருந்தால் பகல் இரவு பார்க்காது. குஞ்சு, இறால், தண்ணீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும். பிராணவாயு தீர்ந்து போய்ச் செத்தால் சாவு விடியற்காலையில் நேரும். பெரிய மீன் முதலில் போகும். குஞ்சுகள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கெலி, விரால் போன்ற மீன்கள் மேலே வந்து காற்றையே குடிக்கக்கூடியவை. ஆகவே அவை பிழைத்துவிடும்.

அந்தக் குளத்தில் செத்தவை கைமுழம் திலாப்பியாக்கள். கெலி ஒன்றுகூடச் சாகவில்லை. லயத்துப் பையன்களைக் கேட்டபோது, "முந்தின நாள் காலையிலேயே மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு" என்றார்கள். ஆக, மீன் மருந்தால் சாகவில்லை. மூச்சுக் கிடைக்காமல் செத்தது.

மூச்சு ஏன் தீர்ந்தது? பச்சைத் தண்ணீர்தான் காரணம். தண்ணீரில் இருந்த பச்சை, கண்ணுக்குத் தனித்தனியாய்த் தெரியாத பாசி. பகலில் வெயில் பட்டால் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதே பாசி, மீனைப் போலவே பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். செத்து அடியில் விழுந்த பாசி அழுகும்போது அதற்கும் பிராணவாயு வேண்டும். அளவோடு பாசி இருந்தால் கணக்குச் சரியாகப் போகும். அளவுக்கு மீறினால், இரவு முழுதும் செலவாகி, சூரியன் எழுவதற்குச் சற்று முன் கையிருப்பு காலியாகிவிடும். இரண்டு மூன்று நாள் வானம் மூடிக்கொண்டு வெயிலே இல்லாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். நவம்பரில் பேராவில் வானம் மூடாத வாரம் ஏது?

நீரில் ஊட்டச்சத்து மிகுந்து, பாசியும் நீர்க்களையும் பெருகி, கடைசியில் நீரே மூச்சற்றுப் போகும் இந்த நோய்க்கு 'மிகையூட்டம்' என்று பெயர். படித்தவர்கள் யூட்ரோபிகேஷன் என்பார்கள். நிலத்துக்குச் சோறாகிற பாஜா, நீருக்குள் போனால் பாசிக்குச் சோறாகிறது.

இரண்டு கிலோ போதும்

பாசிக்கு மிகவும் பிடித்த சத்து எது? 1973-ல் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறு ஏரியின் குறுக்கே திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். அந்த ஏரிக்குப் பெயர் இல்லை. 226 என்ற எண்தான். ஒரு பாதியில் நைட்ரஜனும் கார்பனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. நன்னீர்க் குளத்தில் பாசியின் கழுத்துக்கயிறு பெரும்பாலும் பாஸ்பரஸின் கையில் இருக்கிறது என்பதை அந்தத் திரை காட்டிற்று. நைட்ரஜனும் சும்மா இருப்பதில்லை; கூடச் சேர்ந்து பாசியை வளர்க்கும்; கழிமுகத்திலும் கடலோரத்திலும் அதன் பங்கே பெரிதாக இருக்கும்.

இனி நம் குளத்துக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் பரப்பு, இரண்டு மீட்டர் ஆழம் என்றால், சுமார் 80 லட்சம் லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரசைத் தாண்டினாலே அது மிகையூட்டம் கண்ட நீர் என்பது ஏரி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தொட நம் குளத்துக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வேண்டும்? பெருக்கிப் பாருங்கள்: 280 கிராம். நாம் போடும் பாறைப் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் சுமார் 13 விழுக்காடு. ஆக, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உள்ள பாறைப் பாஸ்பேட்டில் அந்த 280 கிராமும் அடங்கியிருக்கிறது!

குளத்துக்குத் தண்ணீர் வடியும் சரிவு 30 ஹெக்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டருக்கு 140 மரம். மரத்துக்கு ஒன்றரைக் கிலோ பாறைப் பாஸ்பேட். மொத்தம் 126 மூட்டை. அதில் உள்ள பாஸ்பரஸ் 800 கிலோவுக்கும் மேல். அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு குளத்துக்கு வந்து பாசியின் கைக்குக் கிடைத்தாலே போதும், கோட்டைத் தொட்டுவிடும். யாரும் மூட்டையைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாறைப் பாஸ்பேட் சர்க்கரை போலச் சட்டென்று கரையாது. அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, மண் அரித்துப் போகும்போது கூடப் போகும். குளத்துக்குள் போனதில் பெரும்பகுதி சேற்றில் படிந்துவிடும். ஆனால் படிந்தது படிந்தபடியே கிடக்காது. அடியில் பிராணவாயு தீர்ந்தால் சேறு தான் பிடித்து வைத்த பாஸ்பரசை மறுபடியும் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கும். இதனால்தான் இன்று உரம் வருவதை நிறுத்தினாலும் சில குளங்கள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே நிற்கின்றன.

நைட்ரஜன் வேறு சாதி. அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் தண்ணீரில் கரைந்துவிடும். மழை வலுத்தால் மண்ணோடு சேராமல் தண்ணீரோடேயே ஓடும். அல்லது நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி வழியாக ஓடைக்குப் போகும். பாஸ்பரஸ் மண்ணேறிப் போகிறது. நைட்ரஜன் நீரேறிப் போகிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

பிரித்துப் போடுவது

விசாரணை நாளில் நாம் இரண்டு புத்தகங்களைக் கேட்டோம். ஒன்று ஸ்டோர் கணக்கு, மற்றொன்று மழைக்கணக்கு. கிராணி முகம் சுளித்தாலும் எடுத்துக் கொடுத்தார். உண்மை அங்கேதான் இருந்தது.

அந்தச் சரிவுக்கு அந்த ஆண்டு அமோனியம் சல்பேட் மரத்துக்கு 4 கிலோ என்று எழுதியிருந்தது. அதைத் தவணையாகப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஆனால் மூட்டை நேரத்துக்கு வரவில்லை. முதல் தவணைக்காலம் தவறிப்போக, ஆண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்க வேண்டுமென்று, அக்டோபர் கடைசியில் மொத்தத்தையும் ஒரே சுற்றில் போடச் சொல்லியிருக்கிறார்கள். பாறைப் பாஸ்பேட்டும் அதே வாரத்தில். போட்டு முடித்த மறுநாள் இரவு, அந்த மாதத்திலேயே பெரிய மழை! மூன்றாவது வாரம் குளம் பச்சை. பிறகு மீன் சாவு.

மரத்துக்கு 4 கிலோ என்றால் ஹெக்டருக்கு 560 கிலோ. அமோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 21 விழுக்காடு. ஆக 118 கிலோ நைட்ரஜன். அந்த ஒரு மழை பத்தில் ஒரு பங்கை இழுத்துப் போனது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஹெக்டருக்குப் பன்னிரண்டு கிலோ நைட்ரஜன் ஓடைக்குப் போகும். அதே மழை, மூன்று தவணையில் ஒரு தவணை மட்டும் தரையில் கிடக்கும்போது வந்திருந்தால், நாலு கிலோதான் போயிருக்கும். மிச்சம் ஸ்டோரில் பத்திரமாக இருக்கும், அல்லது முன்பே வேர் குடித்திருக்கும்.

பிரித்துப் போடுவதன் சூட்சுமம் இவ்வளவுதான். வேர் ஒரு நேரத்தில் குடிக்கக்கூடியது கொஞ்சம். நம் செம்மண் பிடித்து வைப்பதும் கொஞ்சம். இரண்டுக்கும் மேல் கிடப்பது, அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் சரக்கு.

ஆனால் மூன்றாகப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது. மூன்று தவணையும் மூன்று பெருமழைக்கு முதல் நாள் போய் விழுந்தால் என்ன லாபம்? ஆகவே நாளும் பார்க்க வேண்டும். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம். தோட்ட ஆபீசில் ஆண்டாண்டாய் எழுதிவரும் மழைக்கணக்கே போதும். பத்து ஆண்டுக் கணக்கை மாதவாரியாகக் கூட்டிப் பார்த்து, மிக அதிக மழை பெய்யும் மாதங்களை நைட்ரஜன் உரத்துக்கு விலக்கிவிட வேண்டும். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் விழும். கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. மண் ஊறிப்போய்க் காலடியில் தண்ணீர் கசிகிற நாளிலும் போடக்கூடாது.

அதற்காகக் காய்ந்த நாளே நல்ல நாள் என்றும் நினைத்துவிடாதீர்கள். யூரியாவைக் காய்ந்த தரையில் போட்டு மழையே வராவிட்டால், அதில் ஒரு பகுதி அமோனியா வாடையாகக் காற்றில் போய்விடும். தரை ஈரமாக இருந்து, பின்னால் சிறு மழை வரும் நாளே அதற்கு ஏற்றது. அமோனியம் சல்பேட் நம் புளிப்பு மண்ணில் அப்படிக் காற்றில் போகாது.

போடும் இடமும் முக்கியம். மரத்தடி வட்டத்தில் சமமாகத் தூவ வேண்டும். பாறைப் பாஸ்பேட் என்றால் வெட்டிய மட்டை அடுக்கின் மேல் தூவலாம். அங்கே உணவு வேர் நிறைய உண்டு. மட்டை மழைத்துளியின் அடியையும் தடுக்கும். குலை தள்ளும் பாதையில் விழவே கூடாது. தள்ளுவண்டி ஓடி ஓடி இறுகிய தரை அது. தண்ணீர் உள்ளே இறங்காமல் வாய்க்கால் போல ஓடும். அளக்கும் டப்பாவையும் உரத்துக்கு உரம் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே டப்பாவில் எல்லா உரமும் ஒரே எடை நிற்காது.

இங்கேதான் நம் சம்பளக் கதை வருகிறது. அந்தத் தோட்டத்தில் பாஜாவுக்குக் கூலி மூட்டைக் கணக்கு. மரத்துக்கு 4 கிலோ போட்டால் 50 கிலோ மூட்டை பன்னிரண்டு மரத்தில் முடியும். மூன்று தவணையாக்கி, மரத்துக்கு ஒன்றே கால் கிலோ சொச்சம் போட்டால், அதே மூட்டை 37 மரத்துக்கு நடக்க வேண்டும். மூட்டைக்கு அதே காசு. நடை மட்டும் மூன்று மடங்கு! இப்படிக் கூலியை வைத்துக்கொண்டு "பிரித்துப் போடு" என்றால், உழைக்கிற பெண்ணின் மடியிலிருந்து எடுத்துக் குளத்துக்குத் தானம் செய்வதாகும். அப்படி நெருக்கினால் மூட்டையைச் சீக்கிரம் காலி செய்யும் ஆசை யாருக்கும் வரும். பாதையோர மரம் கரும்பச்சையாகவும், உள்ளே தள்ளி நிற்கும் மரம் மஞ்சளாகவும் இருந்தால், உரம் குவிந்த இடத்தில் புல் கருகிக் கிடந்தால், அது அந்தக் கூலி முறையின் கையெழுத்து. தவணை முறைக்குக் கூலி மரக் கணக்கிலோ நாள் கணக்கிலோதான் இருக்க வேண்டும். நாம் இதை விசாரணையிலும் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம்.

ஆற்றோரத்தில் ஒரு காவல்

இப்போது ஒரு கேள்வி. தவணை முறை பாஸ்பரசைத் தடுக்குமா? பெரிதாகத் தடுக்காது. பாறைப் பாஸ்பேட் மெதுவாகக் கரைவதால் ஆண்டுக்கு ஒரு முறை போடுவதே வழக்கம். அது மண்ணேறிப் போகும் சரக்கு ஆயிற்றே! மண்ணை நிறுத்தினால்தான் அது நிற்கும். அதற்குத்தான் ஓடையோர ஒதுக்கு நிலம்.

ஓடையின் இரு கரையிலும் ஒரு பட்டை நிலத்தை உரமும் மருந்தும் படாமல், புல்லும் பெரணியும் மரமும் அடர்ந்து வளர விட்டுவிடுவது. சரிவிலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த அடர்த்தியில் நுழைந்ததும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மண் படியும். மண்ணோடு பாஸ்பரசும் படியும். கரையோர ஈரமண்ணில் உள்ள நுண்ணுயிர்கள், வேர்மட்டத்தின் வழியாக வரும் நைட்ரேட்டில் ஒரு பங்கை ஆவியாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும்.

எவ்வளவு அகலம்? வடிகால் நீர்ப்பாசனத் துறை வகுத்த வழிகாட்டி இருக்கிறது. ஓடை 5 மீட்டருக்கும் குறுகலானால் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் வரை என்றால் 10 மீட்டர். 10 முதல் 20 வரை என்றால் 20 மீட்டர். 20 முதல் 40 வரை என்றால் 40 மீட்டர். அதற்கும் மேலான ஆற்றுக்கு 50 மீட்டர். சபாவில் 1998-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம், 3 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு 20 மீட்டர் என்கிறது.

"இவ்வளவு நிலத்தை விட்டால் தோட்டம் என்னாவது?" என்று துரைமார் கேட்பதுண்டு. கணக்குப் போடுவோம். குறுகிய ஓடை ஒரு கிலோமீட்டர் நீளம். இரு கரையிலும் ஐந்தைந்து மீட்டர். மொத்தம் ஒரே ஹெக்டர். அதாவது 140 மரம். அந்த மரத்தை உடனே வெட்டவும் வேண்டாம். சிவப்புச் சாயத்தில் வளையம் போட்டு, 'இங்கே பாஜா இல்லை, மருந்து இல்லை' என்று குறித்தால் போதும். குலையை வெட்டிக்கொள்ளலாம். அடுத்த மறுநடவில் அந்தப் பட்டையில் செம்பனை வைக்காமல் விட்டுவிடலாம்.

ஆனால் காகிதத்தில் பட்டை இருப்பது வேறு, தரையில் இருப்பது வேறு. நாம் சொன்ன தோட்டத்திலும் வரைபடத்தில் பட்டை பச்சை மையில் அழகாக இருந்தது. மண்டோரோடு நடந்து பார்த்தோம். மூன்று குறை கண்ணில் பட்டது.

முதலாவது, மருந்து அடிக்கிறவர்கள் கரை வரைக்கும் அடித்துவிட்டார்கள். புல் செத்து, செம்மண் மொட்டையாய்க் கிடந்தது. மொட்டைத் தரை ஐம்பது மீட்டர் இருந்தாலும் மண்ணை நிறுத்தாது.

இரண்டாவதுதான் பெரியது. சரிவில் வெட்டிய கான் ஒன்று நேராகப் பட்டையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடையில் விழுந்தது. தண்ணீர் பரவலாகப் புல்லுக்குள் நுழைந்தால்தான் பட்டைக்கு வேலை. கானில் திரண்டு வந்தால் வாசற்கதவைத் திறந்துவிட்டு வேலிக்குக் காவல் வைத்த கதை. அந்தக் கானின் வாயைப் பட்டைக்கு முன்னாலேயே நிறுத்தி, ஒரு மண்குழி வெட்டி, அதிலிருந்து தண்ணீர் நிரம்பிப் பக்கவாட்டில் வழிய விட வேண்டும். குழியில் படியும் மண்ணை அவ்வப்போது அள்ளிச் சரிவின் மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

மூன்றாவது, மட்டையைச் சரிவின் போக்கிலேயே அடுக்கியிருந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு சின்ன அணை. போக்கில் அடுக்கினால் தண்ணீருக்குப் பாதை.

பட்டைக்கும் எல்லை உண்டு. ஆண்டாண்டாய்ப் படிந்த மண் நிறைந்துபோனால், அதில் சேர்ந்த பாஸ்பரஸ் கரைந்து மெல்லக் கசியத் தொடங்கும். ஏற்கெனவே கரைந்து வரும் பாஸ்பரசைப் புல் அவ்வளவாக நிறுத்தாது. மறுநடவில் நிலம் மொட்டையாகக் கிடக்கும் காலத்தில், மூடுபயிர் பிடிக்கும் வரைக்கும் வரும் மண்ணை எந்தப் பட்டையாலும் முழுதும் தாங்க முடியாது. ஆகவே பட்டை கடைசிக் காவல். முதல் காவல் சரிவிலேயே இருக்க வேண்டும்.

நம் கண்ணால் பார்க்கக்கூடியது

குளம் கலங்கினால் அது மண்ணா பாசியா என்று சந்தேகம் வரும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். மண் என்றால் அடியில் படியும். நீலப்பச்சைப் பாசி என்றால் பெரும்பாலும் மேலே ஏறி, பெயின்ட் போல ஒரு படலம் கட்டும். அந்தப் படலம் கண்டால் ஆடுமாட்டை அங்கே தண்ணீர் காட்டாதீர்கள். பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். அந்தப் பாசியில் சில வகை நஞ்சு உள்ளவை. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

பச்சைக்குக் காரணம் பாஜா ஒன்றேதான் என்றும் நாம் சொல்லவில்லை. லயத்துச் சாக்கடையும், மாட்டுக்கொட்டகைக் கழிவும், ஆலைக் கழிவுநீரும் அதே வேலையைச் செய்யும். எது என்று அறிய, ஓடையில் கீழிருந்து மேலே நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கானும் வந்து சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தால், எந்த வாயில் வழியாக வந்தது என்பது தெரியும். அந்தத் தோட்டத்தில் லயத்துச் சாக்கடை குளத்துக்குக் கீழேதான் சேர்ந்தது. ஆலையோ அந்தப் பக்கமே இல்லை.

விசாரணை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஸ்டோரிலிருந்து போன மூட்டையும், திரும்பி வந்த வெறுஞ்சாக்கும் ஒன்றுக்கு ஒன்று சரியாக இருந்தன. மழைப் புத்தகமும், உரம் போட்ட தேதியும், கெலி சாகாத சாட்சியும் மேசை மேல் வந்தன. ஆறு பெண்களும் வேலைக்குத் திரும்பினார்கள். நிறுத்தி வைத்த நாளுக்கும் கூலி கிடைத்தது. அடுத்த ஆண்டு அந்தச் சரிவில் அமோனியம் சல்பேட் மூன்று தவணையாயிற்று. கானுக்குக் குழி வெட்டினார்கள். ஓடையோர மரங்களுக்குச் சிவப்பு வளையம் வந்தது. கூலி மட்டும் இரண்டு முறை பேச்சுவார்த்தைக்குப் பின்தான் மரக் கணக்குக்கு மாறிற்று.

குளம் உடனே தெளிந்துவிடவில்லை. மறு ஆண்டும் பச்சை கட்டிற்று. சேறு தன் பழைய கடனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மீன் சாவு திரும்ப வரவில்லை. இரண்டு ஆண்டில் ஒரு குளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் நமக்குத் தெரியும்.

இன்று தோட்டங்களில் பாஜா மூட்டையைச் சுமப்பவர்களில் நம்மவர் குறைந்து, இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்கள் அதிகம். பழி சுமத்த ஆள் தேடும்போது, மொழி தெரியாதவன் தலை இன்னும் சுலபமாக அகப்படும். ஆகவே மண்டோராக இருக்கும் நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பாஜா போடும் நாளில் மூட்டை எண்ணிக்கை, வெறுஞ்சாக்கு, தேதி, வானம் இருந்த நிலை, எந்தக் காடு என்பதை உங்கள் சொந்தப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதி வையுங்கள். வானம் கறுத்திருக்கும் காலையில் மூட்டை இறக்கச் சொன்னால், "இன்னிக்கு வேணாங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள், சொன்னதையும் எழுதுங்கள்.

அந்த அக்காள் கேட்டாரே, மழைக்கும் நாங்கதான் பொறுப்பா என்று. மழைக்கு யாரும் பொறுப்பில்லை. மழை வருமென்று தெரிந்த மாதத்தில், ஓர் ஆண்டுச் சரக்கை ஒரே வாரத்தில் தரையில் பரப்பச் சொன்ன உத்தரவுக்குப் பொறுப்பு உண்டு. அந்த உத்தரவு எந்த மேசையிலிருந்து வந்ததோ, கேள்வியும் அந்த மேசைக்கே போக வேண்டும்.